வேண்டாம்னு சொன்ன வேலைக்கு திரும்பப் போய் சரின்னு சொல்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆஃபர் லெட்டர் கையில வந்துடுச்சு, ஆனா வீட்டு நிலைமை சரியில்ல, ரெண்டு நாள் தூங்காம யோசிச்சு "இப்போ சேர முடியாத சூழ்நிலை, மன்னிக்கணும்"னு மெயில் போட்டுட்டீங்க. மூணு வாரம் கழிச்சு பார்த்தா எந்தக் காரணத்துக்காக வேண்டாம்னு சொன்னீங்களோ அது தீர்ந்துடுச்சு. இப்போ திரும்பப் போய்க் கேட்கலாமா, கேட்டா "இவங்களுக்கு ஒரு நிலையான புத்தியே இல்லையா"ன்னு நினைப்பாங்களோன்னு மனசு அடிச்சுக்குது.

கேட்கலாம். நான் பத்து வருஷத்துக்கு மேல ஒரு டீமுக்கு ஆள் எடுக்கிற இடத்துல உட்கார்ந்திருக்கேன், இப்படி திரும்பி வந்த மெயில் எனக்கே பல தடவை வந்திருக்கு. சிலரை அன்னிக்கே கூப்பிட்டுப் பேசினேன், சிலருக்கு மரியாதையா ஒரு வரி பதில் போட்டு விட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் திறமையில வித்தியாசம் இல்ல. ஒருத்தங்க "என் மனசு மாறிடுச்சு"ன்னு எழுதினாங்க, இன்னொருத்தங்க "என்னைத் தடுத்த விஷயம் தீர்ந்துடுச்சு"ன்னு எழுதினாங்க, அவ்வளவுதான். மனசு மாறினவங்க நாளைக்கும் மாறலாம்னு படிக்கிறவருக்குத் தோணும். தடை நீங்கினவங்க அன்னிக்கும் இன்னிக்கும் ஒரே ஆள்தான். கீழ இருக்கிற எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தை எப்படி உண்மையா, தெளிவா காட்டுறதுங்கிறதுதான்.

முதல்ல: பழைய ஆஃபர் இப்போ உயிரோட இல்லன்னு புரிஞ்சுக்கோங்க

நிறைய பேர் இங்கதான் தடுமாறுறாங்க. "லெட்டர்ல மாசக் கடைசி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கே, அதுக்குள்ள சரின்னு சொன்னா போதும்தானே"ன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல, நீங்க மறுத்த நிமிஷமே அந்த ஆஃபர் முடிஞ்சுது. ஒப்பந்தச் சட்டம் படிக்கிறவங்க எல்லாரும் படிக்கிற ஒரு இங்கிலாந்து வழக்கு உண்டு, 1840-ல வந்த ஹைட் எதிர் ரென்ச். ரென்ச் தன்னோட பண்ணையை 1000 பவுண்டுக்குத் தர்றேன்னாரு, ஹைட் 950-க்குக் கேட்டாரு, ரென்ச் முடியாதுன்னதும் ஹைட் "சரி, அந்த 1000-க்கே எடுத்துக்கறேன்"னாரு. செல்லாதுன்னு தீர்ப்பாச்சு, ஏன்னா 950 கேட்டப்பவே முதல் ஆஃபரை அவர் தட்டிவிட்ட மாதிரி ஆயிடுச்சு. குறைச்சுக் கேட்டதுக்கே அப்படின்னா, வெளிப்படையா வேண்டாம்னு சொன்னதுக்கு சொல்லவே வேண்டாம்.

இதை ஏன் சொல்றேன்னா, நீங்க எழுதப்போற மெயிலோட தொனி இதுலதான் இருக்கு. "உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன்"னு எழுதினா இல்லாத ஒண்ணை எடுத்துக்கிற மாதிரி இருக்கும், எச்.ஆர்.ல இருக்கிறவங்களுக்கு அது உடனே உறுத்தும். நீங்க கேட்கிறது புதுசா ஒரு ஆஃபர். அதனால "இடம் இன்னும் இருந்தா சேர விரும்புறேன்"ங்கிறதுதான் சரியான வாக்கியம்.

அந்தப் பக்கம் இப்போ என்ன நடந்துட்டு இருக்கும்

நீங்க மறுத்த அன்னிக்கே மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி "அடுத்த ஆள் யாரு?". பெரும்பாலும் லிஸ்ட்ல ரெண்டாவதா ஒருத்தர் இருப்பார். அவருக்கு போன் பண்ணி இன்னும் ஆர்வம் இருக்கான்னு கேட்கணும், சம்பளத்துக்கு மேலிடத்துல அப்ரூவல் வாங்கணும், அப்புறம் லெட்டர் போகணும், இதுக்கு எப்படியும் சில நாள்லேர்ந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். அதனால ரெண்டு மூணு நாளுக்குள்ள திரும்பிப் போறவங்களுக்குக் கதவு பாதி திறந்தே இருக்கும், ஆனா அவ்வளவு சீக்கிரம் போனா "அவசரப்பட்டு மறுத்துட்டாங்க"ங்கிற எண்ணமும் வரும், அதை மெயில்ல இருக்கிற காரணம்தான் தாங்கணும். ரெண்டு வாரம் தாண்டிடுச்சுன்னா ரெண்டாவது ஆள் சரின்னு சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி சொல்லியிருந்தா உங்களுக்காக அவரை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. ஆனா அவரும் மறுத்திருக்கலாம், நோட்டீஸ் பீரியட் முடிஞ்சு வர்றதுக்குள்ள பழைய கம்பெனியிலேயே சம்பளத்தை ஏத்தி அவரைப் பிடிச்சு வச்சிருக்கலாம். இது நிஜமா அடிக்கடி நடக்கும், இந்த இடைவெளியிலதான் திரும்பி வர்றவங்களுக்கு வேலை கிடைக்குது.

வேலை விளம்பரம் இன்னும் சைட்ல இருக்கா இல்லையான்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆள் கிடைச்ச பிறகும் விளம்பரத்தை எடுக்க மறந்து விட்டிருப்பாங்க, ஆள் கிடைக்காமலே எடுத்தும் இருப்பாங்க. கேட்டாத்தான் தெரியும்.

எழுதறதுக்கு முன்னாடி உங்க பழைய மெயிலை எடுத்துப் படிங்க

இதை யாரும் பண்றதில்ல. மறுத்தப்போ என்ன காரணம் எழுதினீங்கன்னு வரிக்கு வரி பாருங்க, ஏன்னா நீங்க இப்போ எழுதப்போறது அதே மெயிலுக்குக் கீழதான் போகும், படிக்கிறவர் ஸ்க்ரோல் பண்ணி அதையும் படிப்பார். அன்னிக்கு "குடும்பச் சூழ்நிலை"ன்னு எழுதிட்டு இப்போ "பழைய கம்பெனியில புரொமோஷன் தர்றதா சொன்னாங்க, தரல"ன்னு எழுதினா ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு ஆயிடும்.

அன்னிக்கு சொன்ன காரணம் முழு உண்மையா இல்லன்னா என்ன பண்றது? நிஜத்துல வேற ஒரு இடத்து ஆஃபருக்காகக் காத்திருந்தீங்க, ஆனா குடும்பம்னு எழுதிட்டீங்கன்னு வைங்க. என் கருத்து, இப்போ நேராவே சொல்லிடுங்க: "அன்று இன்னொரு வாய்ப்பையும் யோசித்துக்கொண்டிருந்தேன், அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்." ஒரே வாக்கியம், அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். அந்தப் பொய்க்கு மேல இன்னொரு மாடி கட்டினீங்கன்னா போன்ல ரெண்டாவது கேள்வியிலேயே விழுந்துடும்.

அடுத்தது, காரணம் நிஜமாவே தீர்ந்துடுச்சான்னு உங்களை நீங்களே கேளுங்க. "கொஞ்சம் பரவாயில்ல"ங்கிறதும் "தீர்ந்துடுச்சு"ங்கிறதும் வேற வேற. ஆறு வாரம் கழிச்சு அதே பிரச்சனை திரும்ப வந்தா இந்த வேலையை விடுவீங்களா? ஆமான்னு பதில் வந்தா இப்போ எழுதாதீங்க. ஒரு தடவை மறுத்துட்டு திரும்பி வந்தா புரிஞ்சுப்பாங்க, திரும்பி வந்துட்டு மறுபடி பின்வாங்கினா அந்தக் கம்பெனியில மட்டும் இல்ல, அந்த மேனேஜர் நாளைக்கு எந்த இடத்துக்குப் போனாலும் அங்கேயும் உங்க பேரு சரியா இருக்காது.

யாருக்கு எழுதறது

யார்கிட்ட மறுத்தீங்களோ அவங்களுக்கே, அதே மெயில் தொடர்ல. புது மெயிலா ஆரம்பிச்சா, பழசைத் தேடி எடுக்கிற வேலை அவங்க தலையில விழும். இன்டர்வியூ எடுத்த மேனேஜர் உங்ககிட்ட நேரடியா மெயில்ல பேசியிருந்தா அவரை காப்பியில வைங்க. எச்.ஆரைத் தாண்டி மேனேஜருக்கு மட்டும் தனியா எழுதறது நல்லதில்ல, ஏன்னா திரும்ப லெட்டர் போடப்போறது எச்.ஆர்.தான். நடுவுல கன்சல்டன்சி இருந்தா முதல்ல அவங்ககிட்ட பேசுங்க, அவங்களுக்கு அதுல கமிஷன் இருக்கு, தாண்டிப் போனா கம்பெனிக்கும் அவங்களுக்கும் நடுவுல தகராறாகி உங்க விஷயம் அப்படியே நின்னுடும்.

மெயில்: ரெண்டு மாதிரி பார்ப்போம்

எனக்கு வந்ததுல ஒரு மாதிரி இப்படி இருக்கும், ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி எழுதறேன்:

"போன மாதம் உங்கள் ஆஃபரை மறுத்ததற்கு ரொம்ப ரொம்ப மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு இருந்த குழப்பத்தில் அவசரப்பட்டு முடிவு எடுத்துவிட்டேன். அதன் பிறகு நிறைய யோசித்தேன், உங்கள் நிறுவனம்தான் எனக்குச் சரியான இடம் என்று இப்போது தோன்றுகிறது. தயவுசெய்து பரிசீலிக்கவும். சம்பளம் பற்றியும் கொஞ்சம் பேச முடியுமா?"

எழுதினவங்க நல்ல மனசோட தான் எழுதியிருக்காங்க. ஆனா படிக்கிறவர் கண்ணுல பாருங்க. "குழப்பம்", "அவசரம்", "இப்போது தோன்றுகிறது", இந்த மூணு வார்த்தையும் சேர்ந்து இவங்க முடிவு எடுக்கிற விதமே சரியில்லன்னு அவங்க வாயாலயே சொல்ல வச்சிடுது. எது மாறுச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. கடைசியில சம்பளத்தை இழுத்ததும் "ஓ, பேரம் பேசத்தான் மறுத்திருக்காங்க"ன்னு ஆயிடுச்சு.

இன்னொண்ணு, டெஸ்டிங் டீமுக்கு லீடா எடுக்க நினைச்ச ஒருத்தங்க எழுதினது. அம்மாவுக்கு ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்க வேற யாரும் இல்ல, வேலை வேற ஊர்ல, அதனால மறுத்திருந்தாங்க. 23 நாள் கழிச்சு அதே மெயில் தொடர்ல கிட்டத்தட்ட இப்படி வந்துச்சு:

"வணக்கம். இந்த மாதம் 4-ஆம் தேதி, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு அவருடன் இருக்க வேண்டியிருந்ததால் டெஸ்டிங் லீட் வேலைக்கான உங்கள் ஆஃபரை ஏற்க முடியாமல் போனது.

அந்த நிலைமை இப்போது மாறிவிட்டது. என் அக்கா அம்மா இருக்கும் ஊருக்கே மாற்றல் வாங்கி, சென்ற வாரம் முதல் அவருடனேயே குடியிருக்கிறார்.

அந்த இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருந்தால், அன்று பேசிய அதே சம்பளத்திலும் பொறுப்பிலும் சேர விரும்புகிறேன். லெட்டர் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் சேர முடியும்.

வேறு ஒருவரை எடுத்திருந்தால் அதைப் புரிந்துகொள்கிறேன். பேச வேண்டுமென்றால் இந்த வாரம் எந்த நாளும் மாலை 5 மணிக்கு மேல் போனில் கிடைப்பேன்."

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டாவது பத்தி. அவங்க "அம்மா இப்போ நல்லா இருக்காங்க"ன்னு எழுதல. உடம்பு இன்னிக்கு நல்லா இருக்கும், நாளைக்கு எப்படியோ, படிக்கிறவருக்கும் அது தெரியும். "அக்கா மாற்றல் வாங்கி குடிவந்துட்டாங்க"ங்கிறது ஏற்பாடு, அது நாளைக்கே மாறிடாது. அதுவும் நடக்கப்போறது இல்ல, நடந்து முடிஞ்சது. "அக்கா வர்றதா சொல்லியிருக்காங்க"ன்னு எழுதியிருந்தா நானே "சரி, வந்த பிறகு சொல்லுங்க"ன்னு விட்டிருப்பேன். உங்க விஷயத்துலயும் இப்படி திரும்ப மாறாத, ஏற்கனவே நடந்து முடிஞ்ச ஒரு செய்தியைத் தேடுங்க: குழந்தைக்கு காப்பகத்துல இடம் கிடைச்சு சேர்த்தாச்சு, வாழ்க்கைத் துணைக்கு அதே ஊர்ல வேலை உறுதியாயிடுச்சு, படிப்போட கடைசிப் பரீட்சை முடிஞ்சிடுச்சு. அப்படி ஒண்ணும் கிடைக்கலன்னா நிலைமை இன்னும் முழுசா மாறலன்னு அர்த்தம், ஒரு வாரம் பொறுங்க.

அப்புறம் மன்னிப்பு. அந்த மெயில்ல ஒரு தடவை கூட மன்னிப்பு இல்ல, எனக்கு அது மரியாதைக் குறைவா படவே இல்ல. காரணத்தோட, நேரத்துல, ஒழுங்கா மறுத்தது தப்பு இல்லையே. தப்பு பண்ணின மாதிரி எழுதினா படிக்கிறவரும் தப்புன்னுதான் எடுத்துக்குவார். நீங்க பதிலே போடாம நாள் கடத்தி மறுத்திருந்தா மட்டும் அதுக்கு ஒரு வரி மன்னிப்பு கேளுங்க.

"அதே சம்பளத்தில்"ங்கிற வார்த்தையும் முக்கியம். பேரத்துக்காக வரலன்னு இது ஒரே அடியில சொல்லிடுது. மறுத்ததே சம்பளத்துக்காகன்னா விஷயம் வேற, அப்போ உங்க பக்கத்துல என்ன மாறுச்சுன்னு சொல்லணும்: கடன் முடிஞ்சுது, செலவு குறைஞ்சுது, அதனால அன்னிக்கு போதாதுன்னு இருந்த தொகை இப்போ போதும்னு.

வேற கம்பெனிக்காக மறுத்துட்டு, அங்க அந்த வேலையே ரத்தாயிடுச்சுன்னா இதுதான் எழுத ரொம்ப கஷ்டமான மெயில். சுத்தி வளைக்காதீங்க. "நான் தேர்ந்தெடுத்த வேலை, அந்த நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தியதால் ரத்தாகிவிட்டது"ன்னு எழுதிட்டு, இந்த வேலையில எது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு இன்டர்வியூல பேசின ஒரு குறிப்பான விஷயத்தைச் சொல்லுங்க. "எப்பவுமே நீங்கதான் என் முதல் சாய்ஸ்"னு எழுதிடாதீங்க, இல்லன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

போன் வரும்போது

மெயில் நல்லா இருந்தா அடுத்து போன்தான் வரும், அதுல கேள்வி பெரும்பாலும் மூணுதான். "அன்னிக்கு முடியாதுன்னீங்க, இப்போ எப்படி?" மெயில்ல எழுதின அதே ரெண்டு வாக்கியத்தை வாயால சொல்லுங்க, புதுசா எதுவும் சேர்க்காதீங்க. "திரும்ப அதே மாதிரி ஆச்சுன்னா?" இதுக்கு "ஆகவே ஆகாது"ன்னு சொல்றவங்களை நான் நம்பினதில்ல. அந்த டெஸ்டிங் லீட் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "அம்மாவுக்கு திடீர்னு முடியலன்னா லீவ் போட்டுப் போவேன், வேலையை விட மாட்டேன், ஏன்னா இப்போ அக்கா கூட இருக்காங்க." எவ்வளவு வரைக்கும் பிரச்சனை வரலாம், வந்தா என்ன பண்ணுவேன்னு ஏற்கனவே யோசிச்சு வச்ச ஆள் பேசுற பேச்சு அது. மூணாவது "வேற எங்கயாவது பேசிட்டு இருக்கீங்களா?" இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, ஆனா இங்க லெட்டர் வந்தா அதை நிறுத்திடுவேன்னு சொல்ல முடியுற நிலைமையில மட்டும் இந்த மெயிலையே அனுப்புங்க.

அந்த போன்லயே "அந்த இடம் போயிடுச்சு, ஆனா ஒரு படி கீழ ஒரு இடம் இருக்கு, பார்க்கிறீங்களா"ன்னு கேட்கவும் வாய்ப்பு இருக்கு. அந்த நேரத்துல யோசிக்க ஆரம்பிச்சு "ம்ம்… சரி… பார்க்கலாம்…"னு இழுத்தீங்கன்னா அதுவரைக்கும் கட்டின நம்பிக்கை எல்லாம் கரைஞ்சிடும். அதனால மெயில் அனுப்புறதுக்கு முன்னாடியே எது வரைக்கும் ஒத்துப்பேன், எதுக்கு மாட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. நிஜமாவே யோசிக்கணும்னா "நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள சொல்றேன்"னு நேரத்தோட சொல்லிட்டு 11 மணிக்கே கூப்பிடுங்க.

பதிலே வரலன்னா அஞ்சு வேலை நாள் கழிச்சு ஒரே ஒரு வரி: "மேலே உள்ள மெயிலைப் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்." அதுக்கும் பதில் இல்லன்னா அதுதான் பதில். வாட்ஸ்அப்ல போய், டீம்ல இருக்கிற தெரிஞ்சவங்க மூலமா கேட்டு, இப்படி நாலு பக்கமும் தட்டினா தவிப்புதான் தெரியும்.

லெட்டர் வர்ற வரைக்கும், வந்த பிறகும்

இப்போ இருக்கிற வேலையை வாய் வார்த்தையை நம்பி விடாதீங்க. "வாங்க, பார்த்துக்கலாம்"னு மேனேஜர் போன்ல சொல்றது வேற, லெட்டர் வேற. முதல் தடவை வாங்கின அப்ரூவல் நீங்க மறுத்ததும் மூடப்பட்டிருக்கும், திரும்ப வாங்கணும், பட்ஜெட் அந்தக் காலாண்டோட முடிஞ்சிருந்தா மேனேஜர் எவ்வளவு விரும்பினாலும் அவரால முடியாம போகலாம். புது தேதி போட்ட லெட்டர் கைக்கு வந்து, அதுல சம்பளம், பொறுப்பு, சேரும் தேதி மூணையும் பழைய லெட்டரோட வச்சு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ராஜினாமா.

லெட்டர் வந்த அன்னிக்கே, முடிஞ்சா சில மணி நேரத்துக்குள்ள, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. முதல் தடவை ஆஃபர் வாங்குறவங்க மூணு நாள் யோசிக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. திரும்பி வந்தவங்க மூணு நாள் யோசிச்சா எச்.ஆர். ரெண்டாவது நாளே வேற ரெஸ்யூமே பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. அதே காரணத்துக்காக சேரும் தேதியையும் தள்ளிக் கேட்காதீங்க. 30 நாள்னு சொல்ல சந்தேகமா இருந்தா மெயில்லயே 45 நாள்னு எழுதிட்டு அதுக்கு முன்னாடி சேர்ந்துடுங்க.

ஆனா இந்த வழி எல்லாருக்கும் ஒத்து வராது. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு, சேர்ற அன்னிக்கு வராம போனவங்க இதே மெயிலை எழுதினா அது எடுபடாது. அவங்க மறுத்தவங்க இல்ல, சொன்ன வார்த்தையை மீறினவங்க, அவங்களுக்காக சிஸ்டம் அக்கவுண்ட் வரைக்கும் தயார் பண்ணி வச்சு ஒரு டீமே காத்திருந்திருக்கும். அங்க முதல்ல ஒரு நேர்மையான மன்னிப்பு மட்டும் போகணும், வேலை கேட்காம. ஆறு மாசத்துக்கு மேல ஆயிடுச்சுன்னாலும் பழைய மெயில் தொடர்ல போய் அந்த இடத்தைக் கேட்காதீங்க, புது விளம்பரத்துக்கு புதுசா விண்ணப்பிச்சிட்டு "முன்பு ஒருமுறை ஆஃபர் வரை வந்து, குடும்பக் காரணத்தால் சேர முடியவில்லை"ன்னு கவர் லெட்டர்ல ஒரு வரி போடுங்க. ஒரு தடவை உங்களைத் தேர்ந்தெடுத்தாங்கங்கிறது உங்களுக்கு நல்லதுதான், மறைக்க வேண்டாம்.

இடம் போயிடுச்சுன்னு பதில் வந்தா, அன்னிக்கே ரெண்டு வரி போடுங்க: "சொன்னதற்கு நன்றி. அடுத்து இதே மாதிரி இடம் வந்தால் சொல்லுங்கள், இப்போது 30 நாளில் சேர முடியும்." அந்த டெஸ்டிங் லீடுக்கும் முதல்ல நான் இடம் போயிடுச்சுன்னுதான் எழுதினேன், ரெண்டாவது ஆள் ஏற்கனவே சரின்னு சொல்லியிருந்தார். இதே மாதிரி ரெண்டு வரி பதில் வந்துச்சு. பன்னிரண்டு நாள் கழிச்சு அந்த ஆள் பழைய கம்பெனியிலேயே இருந்துடறேன்னு சொல்லிட்டார், நான் புது ரெஸ்யூமே எதையும் திறக்கல, நேரா இவங்க நம்பருக்கு போன் பண்ணினேன், மாலை 5 மணிக்கு மேல.